மதகும் சமஷ்டியும்

எங்கள் பிரதேச சபைக்கு நான் உறுப்பினராகத் தெரிவான பிறகு வந்த முதல் மாரியிலேயே, ஊர் வாழைத்தோட்டக்கார அண்ணை வீட்டு வாசலில் வந்து நின்றார். பிரதான வீதிக்குக் கீழே இருக்கும் மதகு மண்ணால் அடைபட்டுவிட்டது. வெள்ளம் அவருடைய தோட்டத்தில் தேங்கி நிற்கிறது.

"கெதியா வடியாட்டில் கிழங்கெல்லாம் அழுகிப்போம், பிள்ளை. பாங்கிலை கடன் எடுத்து வைச்ச வாழை."

சபையிடம் மண் அள்ளும் இயந்திரம் இருந்தது. ஆனால் ஊருக்குள் இருக்கும் சின்ன ஒழுங்கைகள்தான் எங்களுடையவை, பிரதான வீதி மத்திய அரசுடையது. அனுமதியில்லாமல் மதகைத் தொட்டால் கணக்காய்வில் மாட்டுவோம். ஆகவே நான் கொண்டுபோன பிரேரணை சின்னது: மதகைத் துப்புரவாக்க வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் எழுத்தில் அனுமதி கேட்போம்.

சபைக்குத் தலைமை வகித்த தவிசாளர் சிரித்தார். "அனுமதி கேட்டா, கொழும்பின்ரை அதிகாரத்தை நாங்களே ஏத்துக்கொண்டமாதிரி ஆகும். அடிப்படையே ஒற்றையாட்சி. சமஷ்டி வந்தால் உந்தப் பிரச்சினையே இராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு முதல் வாரம்தான், புதிய உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் இதே தவிசாளருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் வகுப்பெடுத்தார். ஒற்றையாட்சியில் நாடாளுமன்றம் சட்டத்தால் தந்ததைச் சட்டத்தால் திருப்பி எடுக்கலாம் என்றார். எங்கள் மாகாண சபைக்கே அந்த நிலைதான். சமஷ்டியில் மாநிலத்தின் அதிகாரத்தை அரசியலமைப்புக் காக்கும், மத்தி தனியாக அதைப் பறிக்க முடியாது. கூட்டு அரசில் இறைமை உறுப்பு நாடுகளிடமே இருக்கும், மையம் அவற்றின் அரசாங்கங்களோடு மட்டும்தான் பேசும்.

நான் எழும்பிக் கேட்டேன்: "அப்ப எங்கடை சபை எங்கை நிக்கும், ஐயா?"

"கூட்டு அரசிலை முழுக்க உறுப்பு நாட்டின்ரை கையிலை. சமஷ்டியிலை பெரும்பாலும் மாநிலத்தின்ரை கையிலை. சில அரசியலமைப்புகள்தான் உள்ளூராட்சியையும் காக்கும். ஒற்றையாட்சியாய் இருந்தும் சபையளுக்கு நல்ல அதிகாரம் குடுத்த நாடுகளும் இருக்கு."

தவிசாளர் அந்த நேரம் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதையே சபையில் திருப்பிச் சொன்னேன். "சமஷ்டி எனக்கும் வேணும். ஆனால் அது வந்தால் மதகு மாகாணத்திட்டைப் போகும், உங்களிட்டை இல்லை. அப்பவும் அனுமதி கேக்கத்தான் வேணும். அப்பவும் கேக்க மாட்டியளோ?"

என் பிரேரணை தோற்றது. அதற்குப் பதிலாகத் தவிசாளர் சமஷ்டி கோரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கைதட்டி நிறைவேற்றினார்கள், படமும் எடுத்தார்கள். இத்தனை தலைமுறையாகக் கேட்கும் உரிமையை, வேலைக்குக் கள்ளம் அடிக்கிற சாட்டாக்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போனேன். அண்ணை முழங்கால் தண்ணீரில் நின்று, சரிந்த மரங்களில் இருந்து பிஞ்சுக் குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

"தீர்மானம் நிறைவேறிட்டுதாம் எண்டு சொல்லிச்சினம், பிள்ளை. எப்ப வருவினம் மதகைத் திறக்க?"

"அது மதகுக்கு இல்லை, அண்ணை. சமஷ்டிக்கு."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "நானும் அதுக்குத்தானே பிள்ளை வாழ்நாள் முழுக்க வோட்டுப் போட்டனான்," என்றார்.