புள்ளிக்கோட்டில் நிற்கிற இரண்டு எழுத்து

சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய கல் தேடிப் பைக்கில் அலைச்சல். கல்லில் வெட்டியிருக்கிற பழைய வட்டெழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. வடிவம் பார்த்து அப்படியே வரைவேன்.

"வாசிக்கத் தெரியாததுதான் நல்லது தம்பி" என்பார் மதுரையிலிருக்கும் கல்வெட்டு ஆய்வாளர் அக்கா. "தெரிஞ்சா, இல்லாத எழுத்தையும் கண்ணு பாத்துரும். நல்லாத் தெரியறதுக்கு முழுக்கோடு. சந்தேகம்னா புள்ளிக்கோடு. கல்லு பொரிஞ்ச இடத்துல சாய்கோடு. நீயா ஒண்ணும் சேக்காத."

பனவடலிசத்திரம் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் நடுகல் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வில்லோடு ஒருவன், அவன் காலடியில் மாடு, தலைக்கு மேல் மூன்று வரி. நான் போன நேரம், அந்தக் கல்லைக் குலசாமியாகக் கும்பிடுகிற குடும்பத்து அண்ணாச்சி ஒருவர் கிரைண்டர் மிஷினோடு ஆளை நிறுத்தியிருந்தார். கோயில் கொடைத் திருவிழா வருகிறதாம். எழுத்து மங்கலாக இருக்கிறதாம். நன்றாக ஆழமாக அறுத்துவிட்டால் பளிச்சென்று தெரியுமாம்.

எனக்கு உயிரே போய்விட்டது. "அண்ணாச்சி, தொடாதீங்க! நான் அப்படியே வரைஞ்சு தாரேன். புதுசா ஒரு கிரானைட்டுல வெட்டிப் பக்கத்துல வையுங்க."

அவர் மிஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு எழுத்து விடாம இருக்கணும். இல்லைன்னா மிஷினுதான்."

ஒரு கம்பளியை வாங்கிக் கல்லோடு சேர்த்து என்னையும் மூடிக்கொண்டேன். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும். வெளியே பத்துப் பேர் நின்று கம்பளியைக் கும்பிட்டார்கள். உள்ளே நான் வேர்த்து ஊற்றினேன்.

நடு வரியில் இரண்டு எழுத்து மட்டும் பிடிபடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சந்தனப்பொட்டு வைத்துக் கட்டைவிரல் தேய்த்த இடம். டார்ச்சை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வடிவம். புள்ளிக்கோடு போட்டேன்.

படம் எடுத்து அனுப்பியதும் அக்கா கூப்பிட்டார். மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்த வீரனாம். புள்ளிக்கோடு போட்ட இரண்டு எழுத்தை அடுத்து வரும் 'டு' தெளிவாம்; சேர்த்துப் படித்தால் 'மீட்டு' என்றும் இருக்கலாம், 'கொண்டு' என்றும் இருக்கலாம். அதாவது, மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனா, மாட்டை ஓட்டிக்கொண்டு போகையில் செத்தவனா என்பது அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது.

இதை நான் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"மீட்டவருதான். புள்ளியைச் சேத்துக் கோடு போடு" என்றார்.

"கோலம்னா புள்ளியைச் சேக்கணும்லா?" என்று அவர் சம்சாரமும் கேட்டார்.

"சேத்தா அது நான் எழுதினதாயிரும் மதினி. கல்லுல உள்ளதா இருக்காது."

அண்ணாச்சியின் தம்பி மகன் நடுவில் புகுந்தான். "களவாண்டவருன்னே இருக்கட்டும் பெரியப்பா. கெத்தா இருக்கும்லா."

"ஏலே, சம்பந்தக்காரங்க பூராம் மாடு வச்சிருக்காங்கலே! கல்யாணம் முடிஞ்சு மொத கொடைக்கு வாராங்க!" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தம்பி, கொடையன்னைக்குச் சாமிகிட்டயே கேப்போம். சாமி சொல்லிட்டா நீ கோடு போடணும். சொல்லலைன்னா மிஷினை வச்சுக் கிண்டிப் பாத்துருவோம்."

கொடையன்று மதியம், மேளம் உச்சத்தில். சாமியாடி அண்ணாச்சியின் மச்சினர்; ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அருள் வந்து குதித்துக்கொண்டிருந்தவர் முன்னால் என் தாளைப் பிடித்தார்கள். மேளம் நின்றது.

"சாமி, மாட்டை மீட்டியளா, கொண்டு போனியளா? இங்கன என்ன எழுதியிருக்கு?"

சாமி தாளை உற்றுப் பார்த்தது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தது. அப்புறம் ஒரே அதட்டல்:

"ஏலே! நான் செத்த பெறவு வச்ச கல்லுலே அது! அதுல என்ன எழுதுனானுவன்னு எனக்கு எப்படிலே தெரியும்?"

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

"மாட்டைப் பத்தியாவது..." என்று அண்ணாச்சி இழுத்தார்.

"கல்லுல கைய வச்சியோ, அடுத்த கொடைக்கு நீ இருக்க மாட்டே!"

அதோடு சாமி மலையேறிவிட்டது. கிரைண்டர்காரர் யாரிடமும் சொல்லாமல் மிஷினை ஸ்கூட்டரில் கட்டினார்.

மறுவாரம் கிரானைட் வெட்டுகிறவர் தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "புள்ளிய எப்படி அண்ணாச்சி வெட்ட?"

"சாமிக்கே தெரியலைங்கு, நமக்கு என்னவே? புள்ளி புள்ளியாவே குத்தும்."

குத்தினார். சின்ன டிரில்லால் வரிசையாக, என் கை நடுங்கிய இடத்தில் அதே நடுக்கத்தோடு.

புதுக்கல் வைத்த அன்று சம்பந்தக்காரர் கிட்டே வந்து புள்ளியைத் தடவிப் பார்த்தார். "இது என்ன சம்பந்தி, அம்மை போட்ட மாதிரி?"

அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை.

"மாடு எங்கன போச்சுன்னு கல்லுல தெளிவு இல்ல சம்பந்தி. ஆளு செத்தது மட்டும் முழுக்கோடு."