ஸ்போர்ட்ஸ் மோடும் காஜா அக்காவின் இடது கண்ணும்

என் வீட்டுக்காரரின் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் காஜா அக்கா. சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டையை வெட்டி, அதன் ஓரம் பிரியாமல் நூல் சுற்றிக் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று பேர். புருஷன் போன பிறகு அந்த வேலையை வைத்துத்தான் தனி வீடு, தனி அடுப்பு என்று கௌரவமாக இருந்தார். யாராவது பழத்தோடு வந்தால், போகும்போது அதே பையில் வேறு எதையாவது போட்டுக் கொடுத்துவிடுவார். ஒருத்தரிடமும் கடன்பட்டதாக இருக்கக் கூடாது. அப்படி ஒரு பிடிவாதம்.

இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கறுப்பு நூலும் நீல நூலும் ஒன்றாகத் தெரிய, தைக்க வந்த ஒரு கோட்டுக்கு நூலை மாற்றிக் கட்டிவிட்டார். வேலை கொடுக்கிற டெய்லர் நல்ல மனுஷர், திட்டவில்லை. கண்ணைச் சரி பண்ணிக்கொண்டு வாருங்கள், வேலை எங்கேயும் போகாது என்றார். ஆனாலும் ஆபரேஷன் என்றால் நடுக்கம். என் மூத்த மகன் நாள் முழுக்க உட்கார்ந்து பேசித்தான் சம்மதிக்க வைத்தான். பெரியவன் என்றால் அவருக்கு உயிர். அவன் கிணற்றில் இறங்கு என்றாலும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவார்.

முதலில் வலது கண். நன்றாக முடிந்தது. இடது கண்ணையும் முடித்த பிறகுதான் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி எழுதித் தருவோம், அதுவரை ஊசி வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவரை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லாத மனுஷி. வெங்காயம் உரிப்பார், துணி மடிப்பார், அதுவும் தீர்ந்ததும் என்ன செய்வது என்று கையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சரி, படமாவது பார்க்கட்டும் என்று டிவியைப் போட்டோம்.

பெரியவன் அந்த டிவியை வாங்கியதே கிரிக்கெட்டுக்காக. சுவரில் மாட்ட வந்த பையனைப் பிடித்து உட்கார வைத்து, மேட்ச் நன்றாகத் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் வைக்கச் சொன்னான். படத்துக்கு ஸ்போர்ட்ஸ் மோடு. சத்தத்துக்கு ஸ்டேடியம் மோடு. புல் பச்சைப் பசேல் என்று இருக்கும், வெள்ளை உடுப்பு சலவைக்குப் போட்டது போலப் பளீர் என்று இருக்கும். பந்து போகிற வழியெல்லாம் இழுவை இல்லாமல் தெரியும். கூட்டத்தின் இரைச்சல் நம் தோளுக்கு இரண்டு பக்கமும் கேட்கும். நானே ஒரு தடவை பந்து வருகிறது என்று தலையைச் சாய்த்திருக்கிறேன்.

அக்கா பார்த்தது ஒரு பழைய படம். கல்யாணமான புதிதில் புருஷனோடு பார்த்தது, பிறகும் பல தடவை பார்த்தது. கதாநாயகன் மாடிப்படியில் இறங்கி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், கதாநாயகியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தைப் பார்த்தால் இரண்டு பேருமே அழுவார்களாம். இந்தத் தடவை அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இது அந்தப் படம் இல்லடா,” என்றார் பெரியவனிடம். “ஆளுங்க அவங்கதான். ஆனா யாரோ பக்கத்து வீட்டுக் கூடத்துல நின்னு ஒத்திகை பாக்குற மாதிரி இருக்கு. மூஞ்சியில பூசின பவுடர் எல்லாம் தனியா தெரியுது. அவர் நடக்கல, வழுக்கிட்டு வர்றார்.”

அது எதனால் என்று பெரியவனுக்கு அந்த நிமிஷமே தெரியும். பிறகு அவனே சொன்னான். டிவியை மாட்டிய பையன் போகும்போது, படம் பார்த்தால் மோடை மாற்றிக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். ஆனால் அக்கா படம் பார்த்த சமயம் ஐந்து நாள் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. தெரிந்தால் அத்தை படத்துக்கு ஒரு தடவை, மேட்சுக்கு ஒரு தடவை என்று மாற்றச் சொல்வார், ரிமோட்டோடு யார் மல்லுக்கட்டுவது என்று நினைத்தான். சிரித்துக்கொண்டே, “அது உங்க கண்ணு அத்தை. புதுக் கண்ணுல்ல, பழக நாளாகும்,” என்றான்.

சோம்பேறித்தனத்தில் வாயில் வந்த பொய். அதற்கு மேல் அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். எதையும் சோதித்துப் பார்க்கிற ஆள். வலது கண்ணைக் கையால் மூடி, ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் படத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணில் எல்லாம் மங்கல், எல்லாம் பழுப்பு. அந்த மங்கலில் பவுடரும் தெரியவில்லை, வழுக்கலும் தெரியவில்லை. கதாநாயகன் பழைய கதாநாயகனாகவே இறங்கி வந்தார். கையை எடுத்தார், ஒத்திகை. மூடினார், படம். எடுத்தார், ஒத்திகை. அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

“பழைய கண்ணுல மனுஷன் மனுஷனா இருக்கான். இந்தப் புதுக் கண்ணு பொம்மை காட்டுது. இன்னொன்னையும் வெட்டிட்டா, அப்புறம் எனக்கு யாரு நிஜமா தெரிவாங்க?”

பாத்திரமும் நூலும் நன்றாகத்தானே தெரிகின்றன என்று நான் கேட்டேன். அசையாமல் கிடக்கிறதெல்லாம் நன்றாகத் தெரிகிறது, ஆடுகிற மூஞ்சிதான் கெட்டுப்போய்விட்டது என்றார். எதிரில் ஆடிக்கொண்டிருந்த என் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது முன்னாலும் சுமாராகத்தான் இருந்தது என்றார். பேச்சுச் சத்தம் ஏன் பெரிய மண்டபத்தின் கோடியிலிருந்து கேட்கிறது, கண்ணை வெட்டும்போது காதிலும் கத்தி பட்டுவிட்டதா என்று அவரே ஒரு நாள் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரிக்காமல் யோசித்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

இடது கண்ணுக்குக் குறித்த நாள் வந்தது. அவர் போகவில்லை. இழுத்துப் பிடித்து டாக்டரிடமாவது காட்டுவோம் என்று நானும் பெரியவனும் கூட்டிக்கொண்டு போனோம். டிவியில் பார்த்ததையெல்லாம் அக்கா சொன்னார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், எழுத்தைப் படிக்கச் சொன்னார். வலது கண்ணில் ஒரு குறையும் இல்லை. புரை எடுத்த பிறகு வெள்ளை கொஞ்சம் நீலமாகத் தெரியலாம், அது பழகிவிடும், ஆனால் மனுஷர் வழுக்கி நடப்பதாக எந்தக் கண்ணும் காட்டாது என்றார். இடது கண்ணைத் தள்ளிப்போட்டால் புரை முற்றிப்போகும், பிறகு எடுப்பது கஷ்டம் என்றும் சொன்னார். அப்புறம் பெரியவன் பக்கம் திரும்பி, வீட்டில் டிவி புதுசா, அதில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார்.

பெரியவன் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டே, “இல்லங்க, எப்பவும் போலத்தான்,” என்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் பொய் சொன்னாலும் அவனுக்கு அப்படித்தான் சிவக்கும். நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாதா. மாட்டிய பிறகு டிவியில் யாரும் எதையும் மாற்றவில்லையே, பிறகு எதற்குச் சிவக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அதன் பிறகு அவன் மேட்ச் பார்ப்பதை விட்டுவிட்டான். சாப்பாட்டில் கை அளைவான். ரிமோட்டை எடுப்பான், வைப்பான். மோடை யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டால் போயிற்று என்று நினைத்தானாம். ஆனால் அக்கா டிவி இருக்கும் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். சும்மா கூப்பிட்டால் வர மாட்டார். இப்போது சரியாக இருக்கும், வாங்க என்று கூப்பிட்டால், முன்பு ஏன் சரியாக இல்லை என்று கேட்பார்.

அதற்குள் அக்கா வெள்ளைத் துணியை மடித்து, நாடா வைத்துத் தைத்து, வலது கண்ணுக்குக் கட்டிக்கொண்டார். நல்ல கண்ணை மூடிக்கொண்டு, புரை விழுந்த கண்ணோடு வீட்டைத் தடவித் தடவி நடந்தார். நிலைப்படியில் இடித்துக்கொள்வார், ஒன்றுமில்லை என்பார். நான் கத்தினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். அவர் பிடித்த பிடியை விடவில்லை. நானும் விடுகிற ஆள் இல்லை, ஆனால் அவர் என்னைவிட மூத்தவர்.

ஒரு நாள் மத்தியானம் டெய்லர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அக்கா ஊசிப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள், இனி தன்னால் ஆகாது என்றார். தனி வீட்டையும் காலி பண்ணிவிடப் போவதாகச் சொன்னார். குரல் உடையவே இல்லை. வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

பெரியவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“அத்தை, உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. டிவியில நான் வச்சது அது. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

அவனே டிவியைப் போட்டு அதே படத்தை எடுத்தான். அக்கா கண் கட்டை அவிழ்க்காமல் நின்றார். அவனே போய் அவிழ்த்தான். சினிமா எடுக்கிறவர்கள் ஒரு வினாடிக்கு எடுக்கிற படங்கள் குறைவு, மேட்சுக்கு அதைவிட அதிகம் எடுப்பார்கள் என்றான். இந்த மோடு சினிமாவில் இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத படத்தைத் தானாகவே செய்து சொருகிவிடும், அதனால்தான் நடை வழுக்குகிறது. ஓரங்களையெல்லாம் கூர்மையாக்கி, வெளிச்சத்தை நீலத்துக்குத் தள்ளும், அதனால்தான் பவுடர் தனியாகத் தெரிகிறது. பந்துக்கு இதெல்லாம் நல்லது, மூஞ்சிக்கு ஆகாது. சொல்லிக்கொண்டே சினிமா மோடுக்கு மாற்றினான், அசைவை வழவழப்பாக்குகிறதையும் தனியாகப் போய் நிறுத்தினான்.

கதாநாயகன் படி இறங்கினார். படம் கொஞ்சம் மஞ்சளடித்து, அடங்கி, ஆழமாகத் தெரிந்தது. இத்தனை நாளும் பார்த்த எனக்கே அப்போதுதான் வித்தியாசம் உறைத்தது.

“ஆளு சரியாயிட்டார். குரல் இன்னும் மண்டபத்துலதான் இருக்கு,” என்றார் அக்கா.

படத்தை மாற்றினால் சத்தம் மாறாது, அது வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டேடியம் மோடு சத்தத்தைச் சுற்றிலும் பரப்பி எதிரொலி கொடுக்கும், நடுவில் இருக்கிற பேச்சு அமுங்கிவிடும். அதையும் தேடி மாற்றினான். கதாநாயகி பேசுவது மூக்கின் முன்னால் வந்து நின்றது.

அக்கா உடனே உட்காரவில்லை. திரும்ப அந்த மேட்ச் மோடுக்குப் போ என்றார். போனான். இதற்கு வா என்றார். வந்தான். இப்படியே அவனைப் போகச் சொல்லியும் வரச் சொல்லியும், வலது கண்ணால் மட்டும், இடது கண்ணால் மட்டும், இரண்டாலும் என்று பார்த்து முடித்தார். பிறகு டெய்லரின் கையிலிருந்து ஊசிப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“டாக்டரு கேட்டாரேடா,” என்றார். “நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ இல்லன்னு சொன்ன.”

அவன் காலில் விழப் போனான். காலை இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும். அவனைத் திட்ட நானும் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். கண்ணை வெட்டியதில் காதும் போயிற்றா என்று கேட்டவரைப் பார்த்துச் சிரித்த வாய் அது. மூடிக்கொண்டேன்.

இடது கண்ணும் முடிந்தது. புரை கொஞ்சம் கெட்டியாகிவிட்டதாம், அதனால் ஆற நாளானது. கூட நான் மட்டும் போனேன், அவன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கண்ணாடி வந்தது, அக்கா தன் வீட்டுக்கே போய்விட்டார், டெய்லரிடமிருந்து கோட்டுகள் வருகின்றன. பெரியவன் வாரா வாரம் போகிறான். சாப்பாடு போடுகிறார், சௌக்கியம் கேட்கிறார், ஒரு குறையும் வைப்பதில்லை.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். கிளம்பும்போது வெளியே எட்டிப் பார்த்த பெரியவன், மழை வர மாதிரி இருக்கு, துணியை எடுத்துடுங்க அத்தை என்றான். அக்கா ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“வருதாம்மா?”

வரும் போலத்தான் இருக்கு அக்கா என்றேன். அதற்குப் பிறகுதான் எழுந்தார். அதற்குள் பெரியவன் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தான், எங்கள் பக்கம் திரும்பாமல்.