ஒரே பில்லுக்கு இரண்டு நோட்டீஸ்

சரக்கே வராமல் பில் மட்டும் வாங்கினேன் என்று ஒரகடத்திலுள்ள தகடு வெட்டும் என் பவர் பிரஸ் பட்டறைக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. பதில் போட்டேன். அடுத்து வந்ததை அதன் நினைவூட்டல் என்று நினைத்துக் கிடப்பில் போட்டேன். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு, கணக்குப் பார்க்கும் அம்மா கண்டுபிடித்தார்.

"இன்னா சார், கீழ கையெழுத்த பாக்கலயா? அது ஸ்டேட் ஆபீசர், இது சென்ட்ரல். வருஷமும் பில்லும் ஒண்ணே. வுட்டா ரெண்டு ஆர்டர் வரும்."

"ஒரே தலைக்கு ரெண்டு கொட்டா?"

முதல் நோட்டீஸையும் என் பதிலையும் இணைத்து, மாநில அதிகாரி இதே விஷயத்தில் முன்பே நடவடிக்கை தொடங்கிவிட்டதால் இதைக் கைவிட வேண்டும் என்று எழுதினோம். அதன்பின் பிரஸ் அடித்த ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. ஒரு நாள் சென்ட்ரல் அதிகாரியின் உத்தரவு வந்தது: கைவிடப்பட்டது.

"ஸ்டேட்டு இன்னும் கீது சார்," என்றார் கணக்குப் பார்க்கும் அம்மா.

இருக்கட்டும். ஒரு கேள்விக்கு ஒரு பதில்; சரக்கு வந்ததற்கான லாரி ரசீதுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.