பதினைந்தாவது நிமிடத்தின் நாடி

என் அண்ணி செவிலியர்களுக்குப் பயிற்சி அளிப்பவர். அண்ணன் இறந்தது அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில்தான். வேறொருவருக்கான ரத்தம் அவனுக்கு ஏறியது. பத்து மணிக்கு ஏற்றத் தொடங்கினார்கள். முதுகு வலிக்கிறது என்று நடுங்கினான். டாக்டர் ஓடி வந்து பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நிறுத்தினார். ஆனால் கண்காணிப்பு அட்டவணையில் பத்தேகாலுக்கு நாடி எழுபத்தெட்டு, காய்ச்சல் இல்லை என்று இருந்தது. ஏற்றத் தொடங்கும்போதே எழுதி வைத்த கணக்கு. எழுதியவர் வார்டின் பெரிய சிஸ்டர். ‘எழுத்துப் பிழை’ என்று சொல்லி எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, ரத்தம் ஏற்றும்போது கண்காணிப்பது பற்றி மூத்த செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி தயாரிக்கும் வேலை அண்ணிக்கு வந்தது. பெயர்ப் பட்டியலில் பெரிய சிஸ்டரும் இருந்தார்.

“அம்பது ஸ்லைடு போட்டு முடிச்சிடுங்க மேடம்” என்றார் தலைமை செவிலியர்.

“அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. ஸ்லைடு வேண்டாம்.”

ஒரு கட்டில், சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்ப் பை, ஓர் அட்டவணை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஏற்றும் முன் நாடி, வெப்பம், ரத்த அழுத்தம் பார்த்து, முதல் பதினைந்து நிமிடம் அருகிலிருந்து, பிறகு மறுபடி பார்த்து எழுத வேண்டும். முன்கூட்டி எழுதினால் சான்றிதழ் இல்லை. மறுபடி வர வேண்டும். நோயாளியாகப் படுக்க அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

“பெரிய சிஸ்டரை மாட்ட வைக்கத்தானே, அண்ணி?”

“ஆமா. வேற எதுக்கு?”

கையில் ஊசி குத்தவில்லை. பையின் குழாயை ஒட்டி மட்டும் வைத்திருந்தார். ஏழாம் நிமிடம் நான் முதுகு வலிக்கிறது என்று மெல்லச் சொல்ல வேண்டும்.

“கால் மணி சும்மா உக்காரணுமா? என் கல்யாண மேடையிலகூட அவ்வளவு நேரம் உக்காரல” என்று முதலில் வந்தவர் சிரித்தார். நான் வலியைச் சொல்லும் முன்பே, நான்காம் நிமிடத்திலேயே பதினைந்தாம் நிமிடத்துக்கான கட்டத்தை நிரப்பினார். இரண்டாமவரும் அப்படியே. ஐந்தாவதாகப் பெரிய சிஸ்டர் வந்தார். என் கையைத் தொடாமலே பதினைந்தாம் நிமிடக் கட்டத்தில் எண்பது என்று எழுதிவிட்டு, ஒலித்த தொலைபேசியை எடுக்கப் போனார். அண்ணி அட்டவணையை உருவிக்கொண்டார்.

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சிஸ்டர். எண்பதுன்னு யார் சொன்னா?”



பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் முன்கூட்டி எழுதியிருந்தார்கள். அன்று அண்ணனின் கண்களை மூடிவிட்ட, அண்ணியின் தோழியான செவிலியரும் அவர்களில் ஒருவர். அண்ணி ஒன்பது தாளிலும் ‘தேர்ச்சியில்லை’ என்று எழுதினார். தோழியின் தாளில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

பெரிய சிஸ்டர் வாசலில் காத்திருந்தார்.

“எனக்காகத்தானே இத்தனையும்?”

“உங்களுக்காகத்தான் ஆரம்பிச்சேன்.”

“ராத்திரி ஷிஃப்ட்ல முப்பது பேருக்கு ஒரே ஆள், மேடம். யாரு பக்கத்துல உக்காருவா?”

“அதையும் மேலிடத்துக்கு எழுதப்போறேன். சொன்னது நீங்கன்னு, உங்க பேரோட.” அண்ணி காலி அட்டவணை ஒன்றை நீட்டினார். “நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க. நோயாளியா நான் படுத்திருப்பேன்.”