ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர்

சாத்தாங்காட்டு ரமாபாயிடம் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், "வேலை இன்னா பெரிய வேலை, போய் சேர்றதுதான் வேலை" என்பாள். பொய்யில்லை. காலையில் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து திருவொற்றியூர் ஸ்டேஷன். அங்கிருந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி. இறங்கினால் இன்னொரு ஷேர் ஆட்டோ. அப்புறம்தான் கம்பெனி கேட், கையில் துடைப்பம். பைக் வைத்திருப்பவன் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியேறுவான். ரமாபாயின் புருஷன் பீம்ராவ் இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன், அவன் முதுகுதான் அந்த வீட்டு வண்டி.

ஏழு வருஷமாக அவள் கான்ட்ராக்ட் ஆள். கம்பெனி ஆள் ஆகிவிட்டால் கதை வேறு. அவர்களுக்குச் சாத்தாங்காட்டு முனையிலேயே கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் கேட்டில் போய்த்தான் திறக்க வேண்டும். முழங்கால் தேய்ந்துபோன ரமாபாய்க்குச் சம்பள உயர்வைவிட அந்த பஸ் மேல்தான் ஆசை. ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி அந்த பஸ்ஸை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, பீம்ராவைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த ஆசைக்கும் ஒரு நாள் வந்தது. துப்புரவுப் பெண்களில் சிலரைக் கம்பெனி சொந்த ஆளாக எடுத்துக்கொள்ளப் போவதாகவும், காலையில் கேட்டில் பெயர் கூப்பிட்டு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதாகவும் சொன்னார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவளுக்கு. ரமாபாய் பெயரும் இருந்தது, பக்கத்து வீட்டு சொக்கம்மாள் பெயரும் இருந்தது.

அந்த வாரம் பார்த்து ரமாபாயின் ரயில் சீசன் டிக்கெட் முடிந்திருந்தது. அவள் புதுப்பிக்கவில்லை. "இனிமே கம்பெனி பஸ்ஸு. சீசன் இன்னாத்துக்கு?" என்று பீம்ராவிடம் சொன்னாள். குழந்தை பிறப்பதற்கு முன்னால் பெயர் வைத்த கதைதான்.

"கவுண்டர்ல நிக்காதக்கா, நானே டிக்கெட் எடுத்துட்டேன்" என்றாள் சொக்கம்மாள், பெயர் கூப்பிடும் அன்று காலை பஸ் ஸ்டாப்பில். அவள் மகன் போனில் டிக்கெட் எடுக்கும் புதுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். எங்கிருந்து எங்கே என்று போட்டால் எந்த பஸ், எந்த ரயில் என்று அதுவே வழி சொல்லும். ஒரே தடவை பணம் கட்டினால் போதும். கட்டம் கட்டமாக ஒரு படம் வரும், அதை கண்டக்டருக்கும் காட்டலாம், ரயிலிலும் காட்டலாம். சொக்கம்மாள் ஸ்டேஷனுக்குப் போகும் சின்ன பஸ்ஸையும் ரயிலையும் சேர்த்து, இரண்டு பேருக்கும் அதிலேயே எடுத்திருந்தாள். நல்ல மனசோடுதான் எடுத்தாள், அதில் சந்தேகமில்லை.

பஸ் எங்கே வருகிறது என்றும் போன் காட்டியது. மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நிற்க, போனில் பஸ் அடித்து வைத்த ஆணி மாதிரி ஒரே இடத்தில் நின்றது. அந்த நேரம் ரஷீதின் ஷேர் ஆட்டோ சந்து வழியாகப் புகுந்து வந்து நின்றது. சொக்கம்மாள் பெருமையாகப் போனை நீட்டினாள்.

"அது பஸ்ஸுக்கு, ரயிலுக்குத்தான்க்கா. என் வண்டிக்குச் செல்லாது, காசு குடு" என்றான் ரஷீது. "ஒரு சீட்டுதான் கீது. யார் ஏர்றீங்கோ?"

"நீ போக்கா, உனுக்கு முட்டி வலி. நான் அடுத்த வண்டில வந்துடுறேன். டிக்கெட்ட போட்டோ புடிச்சு உன் போனுக்கு அனுப்புறேன், அதைக் காட்டு" என்று சொக்கம்மாள் அவளை உள்ளே தள்ளினாள்.

ஸ்டேஷனில் கவுண்டர் திறந்துதான் இருந்தது, வரிசையும் பெரிதில்லை. ரமாபாய் ஒரு கணம் நின்று பார்த்தாள். எடுத்த டிக்கெட்டை எதற்கு மறுபடி எடுப்பது? இருக்கிற காசு கும்மிடிப்பூண்டி ஆட்டோவுக்கு வேண்டும். ரயில் வந்து நின்றபோது சொக்கம்மாள் போனில் மூச்சு வாங்கினாள்: "ஏறுக்கா, ஏறு! நான் கடைசி பொட்டில ஏறிட்டேன்!" ரமாபாய் நடுவில் இருந்த பெண்கள் பெட்டியில் ஏறினாள். ஒரே ரயில், ஒரே டிக்கெட். மனசு நிம்மதியாயிற்று.

மீஞ்சூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் அம்மா வந்தார். படத்தைப் பார்த்தார். "இது போட்டோம்மா. டிக்கெட் எந்த போன்ல எடுத்தாங்களோ அந்த போன்ல, அந்தச் செயலிய திறந்து காட்டணும். போட்டோ செல்லாது."

"அவ இதே வண்டிலதான் வந்துகினு இருக்காம்மா. கடைசி பொட்டி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பொன்னேரியில அவங்க எறங்கி வந்து காட்டட்டும். இல்லன்னா அபராதம் கட்டணும், கட்ட முடியலன்னா நீங்க என்கூட எறங்கணும்." அந்த அம்மா கத்தவில்லை, மிரட்டவில்லை. சட்டத்தைச் சொன்னார், அவ்வளவுதான். கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

அபராதத்துக்குப் பணமில்லை. ரமாபாய் போன் போட்டாள். "சொக்கு, பொன்னேரில எறங்குடி. போனைக் காட்டிட்டுப் போயிடலாம். எறங்கு, தாயே."

"தோ எறங்குறேன்க்கா" என்றாள் சொக்கம்மாள்.

பொன்னேரியில் ரயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஏழு வருஷம் போய் வந்தவளுக்குத் தெரியாதா? கடைசிப் பெட்டியிலிருந்து நடுப்பெட்டி வரை ஓடி வந்து, காட்டி, மறுபடி ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அடுத்த வண்டியில் போனால் கேட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும். அது சொக்கம்மாளுக்கும் தெரியும்.

பிளாட்பாரத்தில் பரிசோதகர் அம்மாவோடு நின்று ரமாபாய் பின்பக்கம் பார்த்தாள். யாரும் ஓடி வரவில்லை. ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டி அவளைக் கடந்தபோது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொக்கம்மாள் நின்றிருந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். சொக்கம்மாள்தான் முதலில் முகத்தைத் திருப்பினாள்.

பீம்ராவ் லோடு இறக்கிவிட்டுப் போனை எடுத்து, மேஸ்திரியிடம் கைமாற்று வாங்கிப் பணம் அனுப்பிய பிறகுதான் ரமாபாயை விட்டார்கள். அவள் கேட்டுக்குப் போனபோது வாட்ச்மேன், "முடிஞ்சுபோச்சும்மா" என்றான். அவள் இடத்துக்கு வேறொருத்தி போயிருந்தாள். ரமாபாய் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

சொக்கம்மாளுக்குக் கிடைத்தது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பத்து நாள் அவள் இந்தப் பக்கமே வரவில்லை. சந்தில் எதிரே வந்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். ரமாபாய் ஆத்திரத்தில் வெந்தாள். பாத்திரம் கழுவும்போது வைதாள், சோறு வடிக்கும்போது வைதாள். "துரோகி" என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போது இனித்தது, சொல்லி முடித்ததும் கசந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொக்கம்மாளே வந்தாள். உட்காரவில்லை, கதவோரமாக நின்றாள்.

"எறங்கத்தான்க்கா வாசலுக்கு வந்தேன். காலு எறங்கல. எறங்கியிருந்தா ரெண்டு பேருக்கும் போயிருக்கும்." அழுதாள். பிறகு சட்டென்று கோபத்தோடு கேட்டாள்: "எம்மேல கைய வெச்சு சொல்லு. போனு உன்கைல இருந்திருந்தா, நீ எறங்கியிருப்பியா?"

எறங்கியிருப்பேன் என்று சொல்ல ரமாபாய் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், ஆயுசுக்கும் இவள் முகத்தில் காறித் துப்பிக்கொண்டே இருக்கலாம்.

"எறங்கியிருக்க மாட்டேன்டி" என்றாள். "அதான் எனுக்கு எரியுது. உன்ன திட்டக்கூட வழியில்லாம பூட்ச்சே."