அண்ணன் காய் என்று சொன்னவை

என் அண்ணனுக்கு வலது கண் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இதைச் சொன்னால் அண்ணிக்குக் கோபம் வரும். "சீனி வருத்தம் செஞ்ச வேலைக்கு நீ ஏன் தலையக் குடுக்கிற?" என்று அண்ணனின் நீரிழிவைக் கைகாட்டுவார். அண்ணி நல்ல மனசுக்காரி, அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்த இரண்டு மாதம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கம்பியூட்டர் படிக்கும் ஆசை வந்தது. அலுவலகத்தில் கிளார்க் வேலை, சனிக்கிழமைகளில் கண்டி டவுனில் வகுப்பு. கடைசிப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். நாமே எடுத்த படங்களைக் கொண்டு, இரண்டு வகையைப் பிரித்துச் சொல்லும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பழக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. மார்க்கெட்டில் என் அண்ணன் இருபது வருடமாகப் பப்பாசி விற்கிறார். மஹய்யாவயில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பழம், காய் என்று இரண்டு வகை. இதைவிட லேசான வேலை யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்த ஒரு மிஸ்தான் எங்களுக்குப் படிப்பித்தார். வயதில் என்னைவிடப் பத்து வருடமாவது சின்னவர். அவர் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய, அடுக்கடுக்கான நெட்வொர்க் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஓரம், நிறம், உருண்டை, சொரசொரப்பு எல்லாம் அதற்குத் தெரியும். அந்த அறிவை அப்படியே பூட்டி வைத்துவிட வேண்டும். பெயர் சொல்லும் கடைசி அடுக்கை மட்டும் கழற்றிவிட்டு, பழமா காயா என்று சொல்ல மட்டும் தெரிந்த புது அடுக்கு ஒன்றைப் பொருத்த வேண்டும். நம்முடைய படங்கள் அந்தப் புது அடுக்கை மட்டும்தான் பழக்கும். அதனால்தான் சில நூறு படங்களே போதும். முதலிலிருந்து பழக்குவதென்றால் என் ஆயுசு போதாது.

முதல் தொகுதியைக் கடையிலேயே எடுத்தேன். வேலைக்குப் போகுமுன், காலையில் லொறி இறங்கும் நேரம். அண்ணன் ஒவ்வொரு பப்பாசியாகக் கையில் எடுப்பார், காம்புப் பக்கம் பெருவிரலால் ஒரு அழுத்து, மூக்குக்கிட்ட ஒரு பிடி. "இது பழம். ஒரு கோடு மஞ்சள் விழுந்தாலே பழக் கணக்குதான், நாளைக்குள்ள வித்துரணும். இது காய்." நான் ஒவ்வொன்றையும் போனில் நாலு பக்கமும் படம் பிடித்து, அவர் சொன்னபடி இரண்டு போல்டரில் போட்டேன். ஐந்தில் ஒரு பங்கைப் பழக்காமல் சோதனைக்கென்று ஒதுக்கினேன். ஒரே பழத்தின் நாலு படமும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடையைப் பார்த்து எழுதின பரீட்சை மாதிரி ஆகிவிடும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதையும் ஒழுங்காகச் செய்தேன். சோதனையில் இரண்டே இரண்டு படம்தான் பிழையானது. அன்றைக்கு வீட்டில் என் அலட்டல் தாங்க முடியவில்லை என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

"ஒரே கடை, ஒரே வெளிச்சம். வேற இடத்தில எடுத்த படங்களும் வேணும்" என்றார் மிஸ். அதனால் பகல் சாப்பாட்டு நேரத்தில் வேறு கடைகளிலும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையிலும் படம் எடுத்தேன். அண்ணனுக்குக் கடையை விட்டு வர நேரமில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது லெப்டொப்பில் படங்களைக் காட்டிக் கேட்டேன். கதிரையில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, அவர் சொல்லச் சொல்ல நான் பெயர் போட்டேன்.

"காய். காய். பழம். இதுவும் காய். வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டு. காய்."

கூட்டினேன். வெளிச்சத்தை ஏன் கூட்டச் சொல்கிறார் என்று கேட்கவில்லை. அதே வாரம் வீட்டுப் படியில் அவர் கால் தடுக்கி விழப் பார்த்தபோதும், "என்னண்ணே, இந்த வயசுல மேல பாத்து நடக்குறீங்க" என்று கிண்டல்தான் செய்தேன்.

கடைப் படங்களில் பழகிய புரோகிராமை இந்தப் புதுப் படங்களில் ஓட்டினேன். ஏகப்பட்ட பிழை. பிழையெல்லாம் ஒரே பக்கமாக வந்தது. மஞ்சள் கோடு விழுந்ததைப் புரோகிராம் பழம் என்றது, அண்ணன் காய் என்றிருந்தார். மறுபக்கப் பிழை கிட்டத்தட்ட இல்லை. பிழையான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பாருங்கள், அதுதான் முதல் வேலை என்று மிஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். பார்த்தீர்களா என்று கேட்டபோது "பாத்தேன் மிஸ்" என்றேன். பார்க்கவில்லை. நாலைந்தைப் புரட்டினேன். மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் வைத்தவர் அண்ணன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர், அவர் பேச்சை மீறி எங்கள் வீட்டில் ஒரு உலை கொதித்ததில்லை. பப்பாசி விஷயத்தில் அவரிடம் குறுக்குக் கேள்வி கேட்க நான் யார்? வியாபாரத்தில் ஏதோ கணக்கு இருக்கும், படத்தில் வெளிச்சம் ஏமாற்றியிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளிச்சப் பிரச்சினை போலிருக்கிறது என்று மிஸ்ஸிடமும் சொன்னேன். அப்படியானால் புதுப் படங்களையும் சேர்த்துப் பழக்குங்கள் என்றார்.

சேர்த்தேன். அண்ணன் வைத்த பெயரோடு அப்படியே சேர்த்தேன். முதலில் அது மசியவில்லை. படங்களின் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் புதுப் பிரதிகள் செய்தேன். பூட்டி வைத்திருந்த அடுக்குகளில் கடைசிச் சிலவற்றைத் திறந்துவிட்டு, மெதுவாக, சின்னச் சின்ன அடியாகத் திரும்பப் பழக்கினேன். இரண்டு மாதம் போனது. ஒவ்வொரு முறையும் புரோகிராம் மஞ்சளைப் பார்த்துப் பழம் என்றது, ஒவ்வொரு முறையும் நான் அதற்குக் காய் என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் பாவம், அது ஒத்துக்கொண்டது. சோதனைக்கு ஒதுக்கிய படங்களுக்கும் பெயர் வைத்தவர் அண்ணன்தான் என்பதால் மார்க் ஜம்மென்று ஏறியது. நான் கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தேன். அண்ணன் கேக்கைத் தட்டில் தடவி எடுத்தார். சீனிக்காரருக்கு எதற்குக் கேக் என்று அண்ணி என்னைத் திட்டினார்.

செய்து காட்டும் நாளன்று, தன் வாடகை வீட்டுத் தோட்டத்தில் காய்த்த பப்பாசி ஒன்றை மிஸ் கொண்டுவந்திருந்தார். பாதிக்கு மேல் மஞ்சள். புரோகிராமைப் போட்டிருந்த போனை அதன் மேல் பிடித்தேன். காய் என்றது. கொஞ்சமும் தயக்கமில்லாமல், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிச்சயத்தோடு சொன்னது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

மிஸ் சிரிக்கவில்லை. என் லெப்டொப்பை வாங்கிக் காய் போல்டரைத் திறந்தார். சின்னச் சின்னச் சதுரமாகப் படங்கள் விரிந்தன. பச்சைகளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தன.

"ஒருக்கா உங்கட கண்ணால பாருங்கோ அக்கா. இது காயோ?"

"அண்ணன்தான் சொன்னாரு மிஸ். இருபது வருஷமா பப்பாசி விக்கிறவரு."

"கடையில எடுத்த படங்களுக்குச் சரியாத்தானே சொல்லியிருக்கிறார். இதுகளுக்கு எப்பிடிச் சொன்னவர்?"

"இதெல்லாம் வீட்டுல, ஸ்கிரீன்ல பாத்து..."

மிஸ் லெப்டொப்பை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்குக் கண் வடிவாத் தெரியுதோ?" என்றார்.

அப்படியே எழுந்து மார்க்கெட்டுக்கு நடந்தேன். அண்ணனிடம் பக்குவமாகப் பேசியிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. கடையிலிருந்த நல்ல மஞ்சள் பப்பாசி ஒன்றைத் தூக்கி அவர் முன்னால் பிடித்தேன்.

"அண்ணே, இது பழமா காயா?"

அவர் கையை நீட்டினார். நான் பின்னால் இழுத்தேன்.

"தொடாம சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது? ஆள் நிக்கிறாங்க."

"தொடாம சொல்லுங்கண்ணே."

அவர் பார்த்தார். பழத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்தார். பழம் வாங்க நின்ற ஒரு அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காய்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என் முகத்தைத் தேடினார். பிறகு மெல்ல, "எல்லாம் வெளிறின மாதிரித்தான் தெரியுது. வலது பக்கம் ஒரு கறுப்பு வேற மிதக்குது. கைல எடுத்தா தெரிஞ்சிருதே, அது போதும்னு இருந்தேன்" என்றார்.

"அன்னைக்கு லெப்டொப்புல கேட்டப்ப தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பரீட்சைன்னு சொன்ன. நான் தெரியலன்னு சொன்னா ஒன் வேலை நின்டுருமேன்னு பாத்தேன்."

அந்த மார்க்கெட்டில், அத்தனை பேருக்கும் முன்னால், நான் ஒரு பப்பாசியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பிழை சொன்னதற்காக அழவில்லை. அவர் மறைத்ததை என் கையிலிருந்த புரோகிராம் இரண்டு மாதத்துக்கு முன்பே, படம் படமாக, எனக்குச் சொல்லிக் காட்டியிருந்தது. அதைத்தான் நான் மெனக்கெட்டு வாயடைக்க வைத்திருந்தேன்.

கண் கிளினிக்கில் டொக்டர் இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்தார். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். சீனியால் விழித்திரையின் இரத்தக் குழாய்களில் இரத்தம் கசிந்திருக்கிறது, வலது கண்ணில் திரையே இழுபட்டு விலகிவிட்டது, அதற்கு இனிச் செய்ய அதிகமில்லை. இடதுக்கு லேசர் வைத்துப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம். மஞ்சள் வெளிறித் தெரிவது இந்த வருத்தத்தில் நடப்பதுதான். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்.

"இப்பதான், ஒரு ரெண்டு வாரம்" என்றார் அண்ணன்.

நான் போனை எடுத்துப் பார்த்து, சரியான தேதியைச் சொன்னேன். இரண்டாம் தொகுதிப் படங்களுக்கு அவர் பெயர் வைத்த நாள். டொக்டர் அதை எழுதிக்கொண்டார். அப்போதே வந்திருந்தால் வலது கண்ணுக்கும் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். கண்டித்துச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார்.

வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஒரு கண்ணில் பஞ்சு வைத்திருந்தார்.

"அப்பவே ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் செஞ்ச புரோகிராம் சொல்லுச்சு. நீங்க காய்னு சொன்னதெல்லாம் பழம்னு சொல்லுச்சு. நான்தான் அத நம்பல."

நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நீ செஞ்சது சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. "பாஸாயிட்டதானே?"

"ஆமாண்ணே, பாஸ்" என்றேன். அந்த வகுப்புக்கு நான் திரும்பிப் போகவே இல்லை.