கதவிடுக்கில் நீண்ட கை

ராஜபாளையத்தில் எங்கள் நைட்டிக் கடைக்கு ஆன்லைன் விற்பனையைப் பிடிவாதமாகத் தொடங்கியவள் நான். கல்லாவில் என்னைப் பெற்ற அத்தா, கம்ப்யூட்டரில் நான். ஒரு காலை, ஆன்லைன் பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயிலிருந்து மெயில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் ஒருவர், கார்டில் பணம் கட்டியும் சரக்கு வரவில்லை என்று தன் வங்கியில் புகார் செய்திருந்தார். கெடுவுக்குள் ஆதாரம் கொடுக்காவிட்டால் ஆறு நைட்டிக்கான பணமும் அவருக்கே திரும்பிவிடும்.

“ஏட்டி, அந்த டீச்சரம்மா வரலைன்னு அப்பவே மெசேஜ் போட்டாவள்லா?”

“டெலிவர்ட்னு காட்டுது அத்தா. பொய் சொல்லுதாவ. நம்ம ஜெயிச்சிருவோம், பாருங்க.”

பில், டிராக்கிங், கூரியர்காரர் எடுத்த படம் எல்லாம் தயார். படத்தில் பாதி திறந்த பச்சைக் கதவு. உள்ளிருட்டிலிருந்து நீண்டு பார்சலைப் பற்றியிருக்கும் ஒரு கை. சுவரில் பெயிண்டில் 14. பில் முகவரியிலும் 14. பார்சலை வாங்கியவர் கையெழுத்திட்ட தாள் மட்டும் பாக்கி. பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கூரியர் ஆபீஸில் டெலிவரி அண்ணன் தாளை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் பெயர் இருந்தது, குழந்தை எழுதிப் பழகியதுபோல.

“முகத்தப் பாத்தீங்களாண்ணே?”

“எங்கம்மா பாக்க? நான் அந்த லைனுக்குப் புதுசு. பேர் சொன்னேன், ஆமான்னாவ. கை மட்டுந்தான் வந்துச்சு.”

கதவு எண்ணைத் தெளிவாகப் படமெடுத்துவிடலாம் என்று அந்தத் தெருவுக்குப் போனேன். பட்டப்பகல். மற்ற வீடுகளெல்லாம் திறந்து கிடந்தன. அந்தப் பச்சைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. பெயிண்டில் எழுதிய பழைய எண் 14க்குக் கீழே, துருவேறிய சின்னத் தகடு: புதிய எண் 31. டீச்சர் வீட்டின் புதிய 14 தெருவின் மறுகோடியில் இருந்தது.

நான் தட்டவே இல்லை. கதவு பாதி திறந்தது. ஒல்லியான ஒரு பெண். எங்கள் நைட்டிகள் ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தியிருந்தாள். கழுத்தில் ஆறு நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

“அந்தப் பார்சல் உங்களுக்கு வந்தது இல்லையேக்கா...”

“எனக்குத்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டான்லா?”

“அது உங்க பேரா?”

“இனிமே அதுதான்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: “அடுத்தது எப்ப வரும்?”

கடைக்குத் திரும்பி அத்தாவிடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

“ஒங்கிட்ட இருக்கறத அனுப்புனா ஜெயிச்சிருவமோ?”

“ஜெயிச்சாலும் ஜெயிப்போம். பேங்க்காரன் தகட்டையா வந்து பாக்கப் போறான்?”

“அப்ப அந்த டீச்சரம்மா பொய்க்காரியாயிருவாவளே.”

புகாரை ஏற்றுக்கொள்வதாகப் பதிவு செய்தேன். பணம் போனது. பிறகு டீச்சருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனுஷி, கோபப்படவில்லை.

“அது போகட்டும்மா. இப்பல்லாம் எம்பேருக்கு வார தபால்கூட எனக்கு வரதில்ல. அதெல்லாம் எங்கம்மா போகுது?”